தீபாவளிக்குக் கடை நிறையக் கூட்டம், கல்லாவில் 2,300 ரூபாய்

தாமிரபரணி
திருநெல்வேலியில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாணப் பெண் அலங்காரம் ஒன்றுகூட வராது. வாடகையும் நாலு பிள்ளைகள் சம்பளமும் மட்டும் தவறாமல் வந்து நிற்கும். போன ஆடியில் பிரீபெய்டு கார்டு போட்டுப் பார்த்தேன். 10,000 கட்டினால் 12,000 ரூபாய்க்கு சர்வீஸ். 40 கார்டு போச்சு, ஒரே மாதத்தில் 4 லட்சம்! அந்தச் சூட்டோடு ஏசி மாற்றினேன், தலை அலசும் நாற்காலி இரண்டு வாங்கினேன், அடகு நகையை மீட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் உட்கார இடமில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கல்லாவை எண்ணினால் 2,300 ரூபாய். அன்றைக்குப் போட்ட பில் 19,000. மிச்சமெல்லாம் "கார்டுல கழிச்சுக்கோங்கக்கா". மறுநாள் கிரீம் சப்ளை பண்ணுகிறவருக்குக் கொடுக்கக் கொழுந்தனாரிடம் கைமாற்று வாங்கினேன். கார்டுக்கு மேலே போட்ட 2,000 போனஸ் அதிகமோ?

ஈரோட்டான்
கார்டே வாங்காதீங்க அக்கா. ஒரு ஜவுளிக்கடையில 5,000 ரூபாய் கிஃப்ட் கார்டு வாங்கி வச்சிருந்தேன், கடையையே மூடிட்டுப் போயிட்டாங்க. யாரைக் கேக்கறது?

தாமிரபரணி
தம்பி, நான் கார்டு விற்றவள்.

பேக்கரி மாமா
கவலைப்படாதீங்கம்மா. என் பேக்கரியில் 500 ரூபாய் கிஃப்ட் கார்டு விற்கிறேன். கொஞ்சம் பேர் வருவதே இல்லை, அது அப்படியே லாபம். வருகிறவனும் 700 ரூபாய்க்கு வாங்கிவிட்டு மேல்காசு கொடுத்துவிட்டுப் போவான். உங்களுக்கும் பாதி திரும்பி வராது.

கணக்குப்பிள்ளை
மாமா, உங்கள் கார்டை வாங்குவது ஒருத்தர், கேக் வாங்க வருவது வேறொருத்தர். அதனால்தான் மறந்துபோகிறது, புது முகமும் வருகிறது. போனஸும் நீங்கள் கொடுப்பதில்லை. பார்லரில் 10,000 கட்டினவர் கடைசி ஐம்பது ரூபாய்க்குப் புருவம் திருத்திவிட்டுத்தான் போவார்.

தாமிரபரணி அக்கா, 1,200 ரூபாய் ஃபேஷியல் ஒன்றை எடுங்கள். ஜிஎஸ்டி கழித்துப் பேசுவோம். கிரீம், மற்ற சாமான் எவ்வளவு ஆகும்? பிள்ளைகளுக்கு இன்சென்டிவ் எப்படி?

தாமிரபரணி
சாமான் 240. இன்சென்டிவ் பில்லில் பத்து சதவீதம், 120.

கணக்குப்பிள்ளை
ரொக்கமாக வந்தால் உங்களுக்கு நிற்பது 840. கார்டில் வந்தால் அதே 1,200க்கு உங்கள் கைக்கு வந்தது 1,000தான். ஆனால் சாமானும் இன்சென்டிவும் அதே 360, நிற்பது 640. விலையில் விட்டது ஆறில் ஒரு பங்கு, மிச்சத்தில் போனது நாலில் ஒரு பங்குக்குப் பக்கம். வாடகையும் சம்பளமும் இந்த 640க்குள்தான். இன்சென்டிவைக் கைக்கு வந்த 1,000க்குப் போட்டிருந்தால் 20 ரூபாயாவது மிஞ்சும்.

இன்னொன்று, 40 பேரில் பழைய ஆட்கள் எத்தனை பேர்?

தாமிரபரணி
நோட்டைப் புரட்டினேன். 31 பேர். தீபாவளிக்கு எப்படியும் வந்து முழுக்காசு கொடுத்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை
அப்போது அவர்களுக்குக் கொடுத்த 62,000 ரூபாய் சர்வீஸ் சும்மா போனது. ஆனால் அன்றைக்குக் கல்லா காலியானதற்குக் காரணம் போனஸ் இல்லை. ஆடியில் வந்தது ஐப்பசி வருமானம், அதை ஏசிக்குக் கொடுத்துவிட்டீர்கள். சேவை செய்து முடிக்கிறவரை அது உங்கள் தலையில் இருக்கும் கடன்.

என் கட்சிக்காரர் ஒருவர் செய்வதைச் சொல்கிறேன். கார்டுப் பணத்தை வந்த அன்றே தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுவார். தினம் சாயங்காலம் கார்டில் கழிந்த தொகையைக் கூட்டி, 12க்கு 10 என்று கடைக் கணக்குக்கு மாற்றுவார். உங்களுக்கு அன்றைக்குக் கார்டில் போனது 16,700. அதற்கு ஏறக்குறைய 13,900 வந்திருக்கும், கைமாற்று தேவைப்பட்டிருக்காது.

பேக்கரி மாமா
கார்டு விற்கும்போதே ஜிஎஸ்டி கட்டணுமா, கழிக்கும்போதா?

கணக்குப்பிள்ளை
வவுச்சர் விற்பது சப்ளையே இல்லை என்று 2024 டிசம்பர் 31 சுற்றறிக்கை சொல்கிறது. ஆனால் சேவைக்கு வாங்கும் முன்பணத்துக்கு வாங்கும்போதே வரி. அக்காவுடைய கார்டு எந்தப் பக்கம் என்பது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் ஆடிட்டரிடம் கார்டையே காட்டிக் கேளுங்கள்.

தாமிரபரணி
எழுதியிருப்பதே என் கடைப் பெயரும் தொகையும்தான். அடுத்த ஆடிக்குப் போனஸ் 1,000 போதும் என்று நினைக்கிறேன். கட்டின காசு தீர்ந்த பிறகுதான் அதைத் தொடலாம், திங்கள் முதல் வியாழன் வரைதான் செல்லும், பண்டிகைக்கு முந்தின வாரம் கிடையாது.

பழைய கார்டுகளில் இன்னும் 1,12,000 பாக்கி. நேற்று ஒரு பிள்ளை வந்தாள். தைக் கல்யாணத்துக்கு அம்மா, சித்தி கார்டுகளை எல்லாம் சேர்த்துத் தன் மேக்கப்புக்குக் கழிக்கணுமாம். வெளியிலிருந்து கூப்பிடும் மேக்கப் ஆளுக்கு நான் அன்றைக்கே ரொக்கமாகக் கொடுக்கணும். மாட்டேன் என்றால் அந்தக் குடும்பமே போய்விடும். இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.