புதுப்பிப்பு: கண்டாங்கிச் சேலை ரீல்ஸ், எழுத்தும் விவரிப்பும்

என் கேள்வி: "சேலை ரீல்ஸில் காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் புரிய என்னென்ன சேர்க்கணும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"எழுத்தைப் பெரிதாக்கினால் போதும்" என்றது பாதி சரி. பெரிதாக்கியும் விலை தெரியவில்லை. இன்ஸ்டாகிராமில் கணக்குப் பெயரும் குறிப்பும் அடிப்பகுதியை மூடிவிடுகின்றன, வலது ஓரத்தில் பொத்தான்கள் வேறு. எழுத்தை நடுப்பகுதிக்கு ஏற்றினேன். சேலையின் கட்டங்களுக்குள் கரையாமல் இருக்கக் கறுப்புப் பட்டைமேல் வெள்ளை எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டே வரி. காது கேளாத வாடிக்கையாளர் ஒருவர் இப்போது விலை கேட்பதில்லை, நேராக "வேறு நிறம் இருக்கா?" என்றுதான் செய்தி அனுப்புகிறார்.

உண்மையில் வேலை செய்தது, ஆண்ட்ராய்டு போன் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வசதியைப் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர் சொன்னது. வீடியோவுக்குள் பதிந்த எழுத்தை அது படிக்காது. அதனால் வெறும் பாட்டை எடுத்துவிட்டு நானே பேசினேன்: "அரக்குச் சிவப்பு உடல், கடுகு மஞ்சள் கட்டம், கரை நாலு விரல் அகலம், பருத்தி, ஐந்தரை மீட்டர்." இதையே குறிப்பின் முதல் வரியிலும் எழுதினேன். புகைப்படங்களுக்கு, படத்தை விவரிக்கும் Alt text பகுதியில் போட்டேன்.

எதிர்பாராத ஒன்று: குறிப்பில் வரிசையாக வைத்த இதய எமோஜிகளை டாக்பேக் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிக்கிறதாம்! எடுத்துவிட்டேன்.



வெயிலில் பார்த்தால் மாறித் தெரியும் நிறத்தை எப்படிச் சொல்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.