ஏஆர்கோரின் ‘ஆங்கர்’: நங்கூரமா, நிலைப்புள்ளியா, முளையா?

மலர்விழி எழுதியது:

வணக்கம். எங்கள் செயலியில் கேமராவைக் காட்டி அறையை அளக்கிற வசதி ஒன்றைச் சேர்த்து வருகிறேன். ஆண்ட்ராய்டு, அதில் கேமரா வழியே இடத்தை அறிய உதவும் கூகுளின் ஏஆர்கோர். தரையில் ஒரு மூலையைத் திரையில் தொட வேண்டும், நடந்துபோய் அடுத்த மூலையைத் தொட வேண்டும், இடையில் எத்தனை அடி என்று வரும். அளந்த இடத்தில் அலமாரியோ கட்டிலோ வைத்தும் பார்க்கலாம். பயன்படுத்தப் போகிறவர்கள் தச்சுப் பட்டறைக்காரர்கள், அதனால் திரையில் எல்லாம் தமிழ்.

இரண்டு சொல்லில் தடுமாறினேன். ஒன்று ‘ஹிட் டெஸ்ட்’. கேமராவிலிருந்து ஒரு கோடு விரல் வைத்த இடம் வழியாகப் போய்த் தரையில் எங்கே படுகிறது என்று பார்ப்பது. பள்ளியில் படுகதிர், படுபுள்ளி என்று படித்திருக்கிறோம், எனவே அந்த இடத்துக்குப் ‘படுபுள்ளி’ என்று வைத்துவிட்டேன். யாருக்கும் மறுப்பு இருக்காது என நினைக்கிறேன்.

இன்னொன்று ‘ஆங்கர்’. படுபுள்ளி கிடைத்ததும் அங்கே நட்டுவைப்பது. இப்போதைக்கு ‘நங்கூரம்’ என்று போட்டிருக்கிறேன். சோதித்துப் பார்த்த பட்டறைக்காரர் ஒருவர், “நங்கூரம் தவறிவிட்டதுன்னு வருதே, என்னம்மா அது?” என்று கேட்டார். அவருக்குப் புரிகிற சொல் வேண்டும்.

அருள் எழுதியது:

‘நிலைப்புள்ளி’ என்று வையுங்கள். ஆங்கர் என்றால் அசையாத இடம், அவ்வளவுதான். ஒருமுறை x, y, z எண்களைக் குறித்துக்கொண்டால் அது மாறாது. சொல்லும் சுருக்கம், யாருக்கும் புரியும்.

இரவி எழுதியது:

> ஒருமுறை x, y, z எண்களைக் குறித்துக்கொண்டால் அது மாறாது

அருள், பாதி சரி. தரையில் இருக்கிற இடம் மாறாது. எண்கள் மாறும்.

போனுக்கு அறையின் வரைபடம் எதுவும் முன்னால் தெரியாது. தொடங்கிய இடத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்கிறது. அப்புறம் கேமராவில் தெரிகிற புள்ளிகள் எப்படி நகர்கின்றன என்பதையும் உள்ளேயிருக்கும் முடுக்க உணரி சொல்வதையும் சேர்த்து, நாம் எவ்வளவு நடந்தோம் என்று ஊகிக்கிறது. நடக்க நடக்க அந்த ஊகத்தைத் திருத்தும். முதல் மூலையில் தொட்டுவிட்டு 12 அடி நடந்து மறுமூலைக்குப் போவதற்குள், ‘தரை நான் நினைத்ததைவிட 2 அங்குலம் கீழே இருக்கிறது’ என்று அது முடிவை மாற்றியிருக்கலாம். நீங்கள் எழுதிவைத்த எண் பழைய கணக்கில் இருக்கும், இரண்டாவது மூலை புதிய கணக்கில் விழும். இரண்டையும் கழித்தால் வருவது எந்த அறையின் நீளமும் இல்லை.

ஆங்கர் இருப்பதே இதற்காகத்தான். கணக்கு திருத்தப்படும்போது அதன் எண்ணும் சேர்ந்து திருந்தும். அதனால்தான் ‘நிலை’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. அதைப் படிக்கிற அடுத்த நிரலர் எண்ணைக் குறித்துவைத்து, அதே பிழையைச் செய்வார்.

மலர், நீங்கள் இப்படித்தானே எழுதியிருக்கிறீர்கள்?

```kotlin
val a = hit1.createAnchor()
val b = hit2.createAnchor()

// onDrawFrame
val p = a.pose
val q = b.pose
val d = sqrt((p.tx() - q.tx()).pow(2) +
             (p.ty() - q.ty()).pow(2) +
             (p.tz() - q.tz()).pow(2))
```

`d` மீட்டரில் வரும். ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கணக்கிட வேண்டும், ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளக் கூடாது.

மலர்விழி எழுதியது:

இல்லை இரவி அண்ணா. முதல் மூலைக்குப் படுபுள்ளியின் எண்களை, அதாவது `hitPose`-ஐ, அப்படியே மாறியில் வைத்திருந்தேன், இரண்டாவதற்கு மட்டும்தான் ஆங்கர். ஒரே அறையை மூன்றுமுறை அளந்தால் மூன்று நீளம் வந்தது. போன்தான் சரியில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இன்றே மாற்றுகிறேன்.

ஃபாத்திமா எழுதியது:

நானும் இதைத்தான் கேட்க இருந்தேன். என் போனில் இருக்கிற அளவுச் செயலி குறைவாகக் காட்டுகிறது. எங்கள் ஹாலில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை வெட்டாத 2 அடி டைல் சரியாக 6. அப்படியென்றால் 12 அடி. செயலி ஒவ்வொரு முறையும் 11 அடி 10 அங்குலம் என்கிறது. இதற்கும் ஆங்கர்தான் காரணமா? இன்னொன்று, பளபளப்பான தரை என்பதால் பாதி நேரம் புள்ளியே விழுவதில்லை.

சண்முகம் எழுதியது:

நான் கட்டட மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். நிரல் தெரியாது, டைல் தெரியும்.

தங்கச்சி, கடையில் 2 அடி டைல் என்று விற்பது 600 மில்லிமீட்டர். உண்மையான 2 அடி 609.6. ஆறு டைலுக்கு 3,600, நடுவில் 5 இணைப்புக்கு 2 மில்லிமீட்டர் வீதம் 10. மொத்தம் 3,610. அது 11 அடி 10 அங்குலம்தான். உங்கள் செயலி சரியாகத்தான் சொல்கிறது. எதற்கும் டேப் பிடித்து ஒருமுறை பாருங்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மனையில் அஸ்திவாரம் குறிக்கும்போது மூலைக்கு மூலை முளை அடித்துக் கயிறு கட்டுவோம். கயிற்றின் நீளம்தான் சுவரின் நீளம். மலர் சொல்வது அதே வேலையாகத் தெரிகிறது. ‘முளை’ என்று வைத்தால் என்ன? தச்சருக்கும் கொத்தனாருக்கும் விளக்கவே வேண்டாம். முளை அடித்து முடித்ததும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பார்ப்போம். 12க்கு 10 அறை என்றால் இரண்டும் 15 அடி ஏழரை அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். வேறுபட்டால் ஏதோ ஒரு முளை தவறிவிட்டது. செயலியிலும் அதைச் செய்யலாமே?

இரவி எழுதியது:

ஐயா, அருமையான சொல். மூலைவிட்டச் சோதனையையும் சேர்க்கலாம், ஒரே ஒரு முளை தவறினால் பெரும்பாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போன் எல்லாத் தூரத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்துக் கணித்தால் இரண்டு மூலைவிட்டமும் சேர்ந்தே குறையும், சோதனை சரி என்றே சொல்லும். கேமராப் படத்திலிருந்து வடிவம்தான் கிடைக்கும். அது எத்தனை மீட்டர் என்பது முடுக்க உணரியிடமிருந்து வருகிறது, போனை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. அளக்கும் முன் பக்கவாட்டில் நாலைந்து அடி நடக்கச் சொல்லுங்கள். பிறகு நீளம் தெரிந்த ஒரு பொருளை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். டைல் என்றால் 600 என்றே எடுக்க வேண்டும்!

ஃபாத்திமா, ஒரே நிறத் தரையில் போனுக்குப் பிடித்துக்கொள்ள அடையாளம் கிடைப்பதில்லை. பளபளப்பில் தெரிகிற பிம்பமோ நாம் நகர்ந்தால் தானும் நகர்கிறது. கோரைப்பாயோ செய்தித்தாளோ விரித்துப் பாருங்கள், புள்ளி விழும்.

அருள் எழுதியது:

எண்கள் மாறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், ‘நிலைப்புள்ளி’யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘முளை’ என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு முளைவிட்ட பயறுதான் நினைவுக்கு வரும். தேடலிலும் அதுதான் வரும். அடித்த முளை அசையாது என்றுதான் அவர்களும் நினைப்பார்கள், பிறகு ‘நிலைப்புள்ளி’யில் இருந்த அதே சிக்கல்தானே?

இரவி எழுதியது:

முளை தரையில்தான் நிற்கிறது. அது எங்கே நிற்கிறது என்று போன் போட்ட கணக்குதான் திருந்துகிறது. ‘புள்ளி’ என்றால் எண் நினைவுக்கு வரும், ‘முளை’ என்றால் தரை நினைவுக்கு வரும். எனக்கு அந்த வேறுபாடு போதும். பயறுக் குழப்பத்துக்கு ‘முளைக்குச்சி’ என்று எழுதலாம்.

வினைகளும் தானாக வருகின்றன. `createAnchor` முளை அடிப்பது, `detach` முளை பிடுங்குவது. நங்கூரத்துக்குப் பாய்ச்சு, தூக்கு என்று இருக்கிறது, ஆனால் பட்டறையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

மலர்விழி எழுதியது:

திரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். நிலை `PAUSED` என்றால்: “முளை இப்போது தெரியவில்லை. கேமராவை மெதுவாக மூலைப் பக்கம் திருப்புங்கள்.” `STOPPED` ஆகிவிட்டால் அது திரும்ப வராது என்பதால்: “முளை பிடுங்கிக்கொண்டது. மறுபடி அடியுங்கள்.” காலையில் அந்தப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை, நேராக அளக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் அடுத்துச் சுவரில் அலமாரி மாட்டிப் பார்க்கப் போனார். அங்கேயும் “முளை அடியுங்கள்” என்றுதான் வந்தது. “சுவத்துல ஆணிதானம்மா அடிப்போம்” என்றார். நிரலில் இரண்டும் ஒரே `Anchor`. கிடைத்தளத்துக்கு முளை, செங்குத்துத் தளத்துக்கு ஆணி என்று திரையில் மட்டும் பிரிக்கலாமா, இல்லை ஒரே சொல்லாக இருப்பதுதான் நல்லதா? சண்முகம் ஐயா, சுவரில் அடிக்கிற மரக்கட்டைக்கும் முளை என்று சொல்வதுண்டா?