பயணக் கணக்கை நேர்செய்யும் பொத்தானுக்கு என்ன சொல் வைக்கலாம்?

கோமதி (தண்டையார்பேட்டை):

நண்பர்களே, செலவுப் பங்கீட்டுச் செயலியின் தமிழாக்கத்தில் `Simplify debts` என்ற பொத்தானில் வந்து நிற்கிறேன். கோப்பில் முன்பே யாரோ "கடன் எளிமையாக்கல்" என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர் ஏதோ தள்ளுபடி என்றுதான் நினைப்பார். இங்கே யாருடைய கடனும் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. பணம் கைமாறும் தடவைகள்தான் குறைகின்றன.

நிஜக் கணக்கு ஒன்றை வைத்துப் பேசுவோம். ராயபுரத்திலிருந்து ஆறு பேர் வேன் எடுத்துப் பழவேற்காடு போய் வந்தார்கள். மொத்தம் 9,000 ரூபாய், தலைக்கு 1,500. வேன் வாடகை 2,400 செல்வி கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு பாஸ்கர் 2,300. டீசலுக்கு ஜான்சி 1,300, காலை டிபனுக்கு மாலா 1,100, இறால் வாங்க ரஃபி 1,000, டீ, பஜ்ஜி, தண்ணீர் என்று கண்ணன் 900. இந்தப் பொத்தானை அழுத்தினால் யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் வரும். அந்தச் செயலுக்குத்தான் சொல் வேண்டும்.

சேகர் (பழைய வண்ணாரப்பேட்டை):

"கணக்கு நேர்செய்" போதுமே. எங்கள் கடைத்தெருவில் இதைத்தான் சொல்கிறோம்.

முறையும் சுலபம்தான். ஒருத்தரைப் பொருளாளர் ஆக்கிவிடுங்கள். இங்கே செல்வியை வைத்துக்கொள்வோம். தரவேண்டிய நான்கு பேரும் அவளிடம் தருவார்கள், அவள் பாஸ்கருக்கு 800 தருவாள். ஐந்து கொடுப்புகளில் முடிந்தது. ஆறு பேர் என்றால் ஐந்து, பத்துப் பேர் என்றால் ஒன்பது. இதற்குக் கீழே போக முடியாது.

நஸீமா (திருவொற்றியூர்):

சேகர் அண்ணே, ஐந்துக்கு மேல் போகாது என்பது சரி. ஐந்துக்குக் கீழே போகாது என்பது சரியில்லை.

முதலில் ஒவ்வொருவரின் நிகர நிலுவையைப் பார்ப்போம். செல்விக்கு 900 வரவேண்டும், பாஸ்கருக்கு 800. கண்ணன் 600 தரவேண்டும், ரஃபி 500, மாலா 400, ஜான்சி 200. வரவேண்டியது 1,700, தரவேண்டியதும் 1,700. இந்த இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு பில் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இப்போது ரஃபியின் 500-ஐயும் மாலாவின் 400-ஐயும் சேர்த்தால் செல்வியின் 900. கண்ணனின் 600-ஐயும் ஜான்சியின் 200-ஐயும் சேர்த்தால் பாஸ்கரின் 800. மூன்று மூன்று பேராகப் பிரித்தால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டே கொடுப்புகள், ஆக மொத்தம் நான்கு. வெளியாள் பணம் இல்லாமல் தனக்குள்ளேயே தீர்ந்துபோகும் இப்படிப்பட்ட கூட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ, ஆள் எண்ணிக்கையிலிருந்து அத்தனையைக் கழித்துக்கொள்ளலாம். இங்கே 6 − 2 = 4. முழுக்குழுவும் ஒரே கூட்டமாக இருந்தால்தான் அண்ணன் சொன்ன ஐந்து.

பல செயலிகள் இப்படித் தேடுவதில்லை. அதிகம் தரவேண்டியவரை அதிகம் வரவேண்டியவரோடு சேர்த்துவிடுகின்றன. இங்கே கண்ணனின் 600 செல்விக்குப் போகும், ரஃபியின் 500 பாஸ்கருக்குப் போகும். இரண்டு கூட்டமும் அங்கேயே கலந்துவிடும். அப்புறம் மாலா செல்விக்கு 300, பாஸ்கருக்கு 100 என்று இரண்டு தடவை அனுப்ப வேண்டும், ஜான்சி பாஸ்கருக்கு 200. கடைசியில் மறுபடியும் ஐந்து.

அந்தக் கூட்டத்துக்கும் ஒரு பெயர் தேவை. "தீர்குழு" என்று வைக்கலாமா?

டேவிட் (காசிமேடு):

போன மாதம் எங்கள் தெருப் பசங்களோடு போனபோது என் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் மீன் சாப்பிடுவதில்லை. ஆனாலும் இறால் காசைத் தலைக்குத் தலை சமமாகப் போட்டுவிட்டார்கள். இந்தப் பொத்தான் அதைச் சரிசெய்யுமா? அதைச் செய்யாத பொத்தானுக்கு "நேர்செய்" என்று பெயர் வைப்பது எனக்கு உறுத்துகிறது.

நஸீமா:

டேவிட் தம்பி, அது இந்தப் பொத்தானின் வேலை இல்லை, அதற்கு முந்தைய படி. யார் எதில் பங்கு என்பதைச் செலவு எழுதும்போதே குறிக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டது முக்கியமான விஷயம். இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

மாலா மீன் சாப்பிடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ரஃபி வாங்கிய இறாலும் மதியச் சாப்பாட்டு மீனுமாக 1,500 ரூபாய் என்று வைப்போம். அதை ஆறு பேருக்குப் பதில் ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 250 என்பது 300 ஆகும். மாலாவின் பங்கு 1,250, மற்றவர்களுக்கு 1,550. இப்போது செல்விக்கு வரவேண்டியது 850, பாஸ்கருக்கு 750. கண்ணன் தரவேண்டியது 650, ரஃபி 550, ஜான்சி 250, மாலா 150. எப்படிச் சேர்த்துப் பார்த்தாலும் 850 வரவில்லை, 750-உம் வரவில்லை. தனியாகத் தீரும் கூட்டமே இல்லை. ஆகவே ஐந்து கொடுப்புகள்தான். பங்கு நியாயமானது, ஒரு கொடுப்பு கூடியது. நான் அந்த ஐந்தையே எடுத்துக்கொள்வேன்.

சேகர்:

நான்கு எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது. ஆனால் இந்த இரண்டாவது கணக்கில் கண்ணனும் மாலாவும் சேர்ந்தால் 800, ரஃபியும் ஜான்சியும் சேர்ந்தால் 800. செல்விக்கு ஐம்பது குறைகிறது, பாஸ்கருக்கு ஐம்பது கூடுகிறது. அடுத்த டீயை பாஸ்கர் வாங்கிக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். நண்பர்களுக்குள் அப்படித்தானே நடக்கும்?

கோமதி:

நடக்கும் அண்ணே. ஆனால் அதைச் செல்வியும் பாஸ்கரும் பேசி முடிவு செய்ய வேண்டும். செயலி தானாகச் செய்யக் கூடாது. ஒருவர் ஐம்பதை விடுவார், இன்னொருவருக்கு அந்த ஐம்பது தேவையாக இருக்கும்.

சில்லறை வேறு வழியிலும் தொல்லை தருகிறது. 1,000 ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் 333.33 வரும், மூன்றையும் கூட்டினால் ஒரு பைசா குறையும். அந்த ஒரு பைசாவால் தனக்குள் தீர வேண்டிய கூட்டம் தீராததுபோலத் தெரியும், செயலி அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கணக்கை முழுப் பைசாவில் வைத்து, மிஞ்சும் பைசாவை ஒருவர் பங்கில் ஏற்ற வேண்டும். இதற்கான குறிப்பு வரியையும் நான்தான் தமிழாக்குகிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். "கைமாற்றுச் சுருக்கம்" என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். கைமாற்று என்றால் நம் பக்கம் வட்டியில்லாமல் வாங்கும் சின்னக் கடன், அதனால் வேண்டாம். "குறைந்த கொடுப்பு" என்றால் பங்கைவிடக் குறைவாகக் கொடுப்பதுபோல இருக்கிறது. பொத்தானுக்கு "கொடுப்புகளைச் சுருக்கு" என்று எழுதுகிறேன். "நேர்செய்" என்பதைப் பணம் கொடுத்து முடித்ததைப் பதியும் பொத்தானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

டேவிட்:

"கொடுப்புகளைச் சுருக்கு" சரி. "தீர்குழு" என்றதும் எனக்குப் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்த ஆட்கள் ஞாபகம்தான் வருகிறது. "தன்தீர்வுக் கூட்டம்"?

இன்னொன்று. சுருக்கினால் எனக்குப் பழக்கமே இல்லாத ஆளுக்கு நான் பணம் அனுப்ப வேண்டி வருமே? நண்பனின் நண்பன் வேனில் ஏறியிருப்பான், அவன் நம்பர்கூட என்னிடம் இருக்காது.

நஸீமா:

வரும். டீசல் போட்டவர் ஒருவர், நீங்கள் அனுப்புவது வேறொருவருக்கு என்று ஆகலாம். அதனால்தான் இதை வேண்டாமென்று அணைத்துவைக்க வழி இருக்க வேண்டும் என்கிறேன். பழக்கமானவர்களுக்குள் மட்டும் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டால் கொடுப்புகள் கூடலாம்.

ஆள் கூடினால் தேடலும் பெரிதாகும். இருபது பேர் என்றால் பார்க்க வேண்டிய சேர்க்கைகள் பத்து லட்சத்துக்கு மேல். ஃபோன் அதைத் தாங்கும். நாற்பது பேர் பஸ் டூருக்கு அப்படித் தேட முடியாது. அங்கே பெரிய தொகைகளைச் சேர்க்கும் பழைய வழிதான், அதில் வருவது மிகக் குறைந்தது என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே பொத்தானில் "சுருக்கு" இருக்கட்டும், "மிகக் குறைந்த" என்று எழுத வேண்டாம்.

கோமதி:

சரி, அப்படியே ஏற்றிவிடுகிறேன். தீர்குழுவா, தன்தீர்வுக் கூட்டமா என்பதை உதவிப் பக்கத்துக்குப் போகும்வரை காலியாக விடுகிறேன். சேகர் அண்ணே, கடைத்தெருவில் இதற்கு ஏதாவது சொல் புழங்குகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.