ஒரு மூட்டையில் 9, எல்லா மூட்டையிலும் சேர்த்து எடுத்தால் 320: மக்காச்சோள நஞ்சால் முட்டை விழுந்த அனுபவம்

ஹொசகோட்டே லேயர்

பெங்களூருக்குக் கிழக்கே ஹொசகோட்டே பக்கம் 6000 லேயர் வைத்திருக்கிறேன், கேஜ் ஷெட், தீவனம் நானே அரைத்துக் கலப்பது. போன நவம்பரில் நடந்ததை எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது இதே மாதிரி வந்திருந்தால் சொல்லுங்கள்.

நவம்பர் இரண்டாவது வாரம் தாவணகெரே பக்கத்துப் புது மக்காச்சோளம் 160 மூட்டை இறக்கினேன், மூட்டை 60 கிலோ. அறுவடை நேரத்தில் அங்கே மழை என்று தெரியும். ஆனாலும் வாசல் பக்கம் இருந்த நாலைந்து மூட்டையைப் பிரித்துக் கடித்துப் பார்த்தேன், நறுக்கென்று உடைந்தது, சரி என்று வாங்கிவிட்டேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆறு மூட்டை போகும்.

ஒன்பதாம் நாள் தீவனம் எடுப்பது குறைந்தது, ஒரு கோழிக்கு 112 கிராம் இருந்தது 103க்கு வந்தது. குளிர் ஆரம்பித்துவிட்டால் அதிகமாகத்தானே தின்ன வேண்டும் என்று அப்போதே உறுத்தியது. பன்னிரண்டாம் நாள் முட்டை சிறுத்தது, பதினைந்தாம் நாள் 91 சதவீதத்தில் இருந்த பேட்ச் 78க்கு இறங்கிவிட்டது. அதாவது தினமும் 26 ட்ரே குறைவு. சாவும் ஒன்றிலிருந்து நாலு ஆனது.

செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் கல்லீரல் மஞ்சள் களிமண் மாதிரி, பெரிதாகி, ஓரமெல்லாம் மழுங்கி, விரலால் அழுத்தினால் உடைகிறது. மேலே ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். மருந்துக் கடைக்காரர் கொழுப்பு ஈரல் என்றார், கோலின், லிவர் டானிக் எல்லாம் கொடுத்தேன், எண்ணெயையும் குறைத்தேன். ஒரு வாரம் வீணானதுதான் மிச்சம்.

நடுவில் ஒரு மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்து லேபுக்கு அனுப்பினேன், பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்ஸின் 9 பிபிபி, அதாவது நூறு கோடியில் 9 பங்கு, என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு மக்காச்சோளத்தின் மேல் இருந்த சந்தேகத்தையே விட்டுவிட்டேன். என் தவறு அங்கேதான். பிறகு ஒரு மில்காரர் சொல்லி, மீதியிருந்த 46 மூட்டையிலும் எடுத்துக் கலந்து அனுப்பினால் 320.

மாடிக்கோழி எலஹங்கா

அண்ணா, எங்கள் வீட்டு மாடியில் பத்து நாட்டுக்கோழி, நாலு வாத்து இருந்தன. மூலையில் கிடந்த கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் போட்டேன், கொஞ்சம் பச்சை பூத்திருந்தது, கழுவிவிட்டேன். வாத்து நாலும் ஒரு வாரத்தில் போய்விட்டது, கோழி ஒன்றும் சாகவில்லை. அதனால் வாத்துக்கு ஏதோ தனி நோய் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் வயிற்றைப் பிசைகிறது.

கோலார் ரோடு ஃபார்ம்

அண்ணே எனக்கும் இது வந்தது. குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், நுரையீரலில் வெள்ளைக் கடுகு மாதிரி இருந்தது, மரத்தூளில் பூஞ்சை. தூளை மாற்றி காப்பர் சல்பேட் தெளித்தேன், சரியாகிவிட்டது. நீங்களும் சோளத்தை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப் போட்டு, சலித்து, நஞ்சைப் பிடித்து வைக்கும் டாக்ஸின் பைண்டரை இரண்டு மடங்கு போடுங்கள், பூஞ்சை செத்தால் விஷமும் போய்விடும்.

ஹெப்பாள் கால்நடை

நான் கோழி நோய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். கோலார் தம்பி, உங்களுக்கு வந்தது வேறு. அது பூஞ்சை வித்து மூச்சில் போய் நுரையீரலிலேயே வளர்வது. இங்கே பேசுவது, பூஞ்சை தானியத்தில் வளரும்போது விட்டுப்போன நஞ்சை. பூஞ்சை செத்தாலும் நஞ்சு அங்கேயேதான் இருக்கும். வெயிலுக்கும் போகாது, பெல்லட் மிஷின் சூட்டுக்கும் போகாது. காயப் போட்டால் இனிமேல் வளராது, அவ்வளவுதான். ஆனால் சலிக்கச் சொன்னீர்களே, அது நல்ல யோசனை. உடைந்த மணியிலும் தூளிலும்தான் நஞ்சு அதிகம், அதை நீக்கினாலே கணிசமாகக் குறையும்.

எலஹங்கா அம்மா, அஃப்ளடாக்ஸினை வாத்து கொஞ்சமும் தாங்காது, பெரிய கோழி ஓரளவு தாங்கும். வாத்து மட்டும் செத்தது என்பதற்காகப் பிண்ணாக்கை விட்டுவிட முடியாது. 1960ல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்து, அதைத் தேடிப் போய்த்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். அங்கேயும் காரணம் கடலைப் பிண்ணாக்குதான்.

ஹொசகோட்டே நண்பருக்கு: முட்டை ஏன் இரண்டு வாரம் கழித்து விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் கருவுக்கான புரதமும் கொழுப்பும் சினைப்பையில் உருவாவதில்லை, கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் போய்ச் சேருகிறது. ஒரு கரு வேகமாக வளர்ந்து முடிய ஏழு முதல் பத்து நாள். கல்லீரல் கெட்ட அன்று ஏற்கெனவே பாதி வளர்ந்த கருக்கள் வரிசையில் இருக்கும், அவை முட்டையாகிக்கொண்டே இருக்கும், அவை முடிந்த பிறகுதான் இடைவெளி தெரியும். அதனால் முட்டை குறைந்த நாளில் போட்ட தீவனத்தைச் சோதித்தால் போதாது, இரண்டு வாரம் முன்னால் போட்டது எது என்று கேட்க வேண்டும். பல பண்ணைகளில் அந்த மூட்டை அதற்குள் தீர்ந்திருக்கும்.

ஒன்று கேட்கிறேன். அறுத்த கோழியின் வயிற்றில் கொழுப்பு எவ்வளவு இருந்தது? ஓடு எப்படி இருந்தது?

ஹொசகோட்டே லேயர்

வயிற்றில் கொழுப்பு பெரிதாக இல்லை டாக்டர், நெஞ்செலும்பு கையில் தட்டுப்பட்டது. ஓடு நன்றாகவே இருந்தது, சுருக்கமோ தோல் முட்டையோ இல்லை.

ஹெப்பாள் கால்நடை

அப்படியென்றால் கடைக்காரர் சொன்ன கொழுப்பு ஈரல் நோய் பொருந்தவில்லை. அதில் கோழி கொழுத்திருக்கும், நன்றாகத் தின்றுகொண்டே திடீரென்று சாகும், வயிறு திறந்தால் ரத்தக்கட்டி. ஓடு கெடாததால் பிராங்கைட்டிஸ் மாதிரி வைரஸ் சந்தேகமும் குறைகிறது, ஆனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். கல்லீரல் துண்டை ஃபார்மலினில் போட்டுக் கொடுத்திருந்தால் பித்தநாளங்கள் பெருகியிருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கலாம், அது இருந்தால் என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அடுத்த முறை அதைச் செய்யுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் தீவனத்தில் மக்காச்சோளம் 55 சதவீதம் என்றால், 320ல் தீவனத்துக்கு வருவது 176 பிபிபி. நம் நாட்டுத் தர நிர்ணயப்படி கோழித் தீவனத்துக்கு வரம்பு 20. ஆனால் பெரிய லேயர் கோழிகள் பரிசோதனைகளில் இதைவிட அதிகத்தைத் தாங்கியிருக்கின்றன. அதனால் 176 மட்டுமே 13 சதவீதத்தை இழுத்தது என்று நான் எழுதித் தர மாட்டேன். வேறு பூஞ்சை நஞ்சும் கூட இருந்திருக்கலாம்.

மில் ரிப்போர்ட்

டாக்டர், அங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 320 என்பது 46 மூட்டையின் சராசரி. மக்காச்சோளத்தில் நஞ்சு சீராகப் பரவுவதே இல்லை, சில கதிரில், சில மணியில் குவிந்திருக்கும். ஒரு மூட்டையில் 9, பக்கத்து மூட்டையில் ஆயிரத்துக்கு மேல்கூட இருக்கலாம். ஆறு ஆறு மூட்டையாக அரைத்தால், கெட்ட மூட்டை இரண்டு சேர்ந்த நாளில் தீவனம் எங்கேயோ போயிருக்கும். தீர்ந்துபோன 114 மூட்டையில் என்ன இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

இருபது வருடமாகத் தீவன மில்லில் சரக்கு வாங்கும் வேலை பார்க்கிறேன், இப்போது பொம்மசந்திரா பக்கம். நான் செய்வதைச் சொல்கிறேன். லாரி நிற்கும்போதே மேல், நடு, அடி என்று எல்லா அடுக்கிலும் குத்துக்குழாயால் மூட்டை மூட்டையாக எடுப்போம். வாசல் பக்க மூட்டையை மட்டும் நம்பவே கூடாது, காய்ந்த சரக்கு அங்கேதான் இருக்கும். மொத்தம் ஐந்து கிலோவுக்குக் குறையாமல் சேர்ந்ததும், முழுவதையும் அரைத்து, அரைத்த மாவைக் கலக்கி, நாலாகப் பிரித்து, அதிலிருந்து லேபுக்கு. அரைக்காமல் மேலே இருந்து ஒரு கை அள்ளிக் கொடுத்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு இல்லை. ஈரம் மீட்டரில்தான் பார்ப்போம், 14க்கு மேல் இருந்தால் சேமிக்க வாங்குவதில்லை. பல்லால் கடித்தால் 13க்கும் 15க்கும் வித்தியாசம் தெரியாது அண்ணா, எனக்கே தெரியாது.

இருட்டில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பதும் உண்டு, உடைந்த மணி பச்சை மஞ்சளாக மின்னும். மின்னினால் லேபுக்கு அனுப்பு என்று அர்த்தம், மின்னாவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை.

ஹொசகோட்டே லேயர்

மீட்டர் வாங்கி மீதி மூட்டைகளைப் பார்த்தேன், சிலது 12.5, சிலது 16. எல்லாமே ஒரே லாரியில் வந்ததுதான்.

ஆனால் எங்கள் குடோனிலும் குற்றம் இருந்திருக்குமோ என்று நினைக்கிறேன். தகரக் கூரை, சுவரை ஒட்டி அடுக்கியிருந்தோம், மேலே தார்ப்பாய். டிசம்பரில் காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

மில் ரிப்போர்ட்

அதேதான். பெங்களூரில் பகலில் தகரம் சுடும், ராத்திரி சட்டென்று குளிரும். தானியத்துக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று மேலே ஏறி, குளிர்ந்த தார்ப்பாயில் பட்டுத் தண்ணீராகி, மேல் அடுக்கிலேயே சொட்டும். 12.5 மூட்டைகூட அப்படி நனைந்தால் பூக்கும். மரப்பலகைமேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒன்றரை அடி, நடுவில் காற்று போக வழி. நிரந்தரமாகத் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். புரோப்பியோனிக் அமிலம் கலந்த மருந்து ஈரச் சரக்குக்கு உதவும், ஆனால் வந்த அன்றே தெளிக்க வேண்டும், ஏற்கெனவே உண்டான நஞ்சை அது தொடாது. அப்புறம் மிக்ஸரின் அடியிலும் தீவனத் தொட்டி மூலையிலும் கட்டி பிடித்திருக்கும் பழைய மாவைச் சுரண்டி எடுங்கள். புதுச் சரக்குக்குப் பூஞ்சை அங்கிருந்துதான் ஏறும்.

கோலார் ரோடு ஃபார்ம்

அப்போ பைண்டர் வேலை செய்யாதா? நான் எல்லா பேட்சுக்கும் போடுகிறேனே.

ஹெப்பாள் கால்நடை

அஃப்ளடாக்ஸினை களிமண் வகைப் பைண்டர் நன்றாகவே பிடிக்கும், போடுங்கள். ஆனால் டி-2 மாதிரி மற்ற நஞ்சுகளை அது சரியாகப் பிடிக்காது, ஏற்கெனவே கெட்ட கல்லீரலையும் சரி செய்யாது. பைண்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் கெட்ட சரக்கு வாங்குவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மாடிக்கோழி எலஹங்கா

அந்த நாட்களில் விற்ற முட்டையைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாதா அண்ணா?

ஹெப்பாள் கால்நடை

முட்டைக்குள் போகும் பங்கு மிக மிகக் குறைவு, தீவனத்தில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத அளவு. பாலில்தான் கவனம் வேண்டும். மாடு தின்றால் அது எம்1 என்ற வடிவில் பாலுக்கு வரும், கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் சட்ட வரம்பு. மீதி மூட்டையை என்ன செய்தீர்கள்?

ஹொசகோட்டே லேயர்

ஊரில் ஒருவர் மாட்டுக்கு வேண்டும் என்று பாதி விலைக்குக் கேட்டார், வீட்டில் நாலு கறவை, பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறார். அவருடைய பேரக்குழந்தை அந்தப் பாலைத்தான் குடிக்கிறது. கொடுக்கவில்லை. 46 மூட்டையையும் கோழி எருவோடு சேர்த்துக் குழியில் போட்டு மூடிவிட்டேன். கையிலிருந்து போன பணம்தான், வியாபாரி ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை.

சோளத்தை மாற்றியதோடு பைண்டரும் சேர்த்தேன், அதனால் எது காப்பாற்றியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தீவனம் எடுப்பது ஐந்தாறு நாளில் 110க்கு வந்துவிட்டது. முட்டை மூன்று வாரம் கழித்துத்தான் ஏற ஆரம்பித்தது, இப்போது 86ல் நிற்கிறது, 91 திரும்ப வரவில்லை. ராணிக்கேட் டைட்டரும், அதாவது ரத்தத்தில் அந்த நோய்க்கான எதிர்ப்பு அளவும், குறைவாக வந்திருக்கிறது. டாக்டர், பூஸ்டர் இப்போதே போடலாமா, இன்னும் இரண்டு வாரம் கல்லீரல் தேறட்டும் என்று விடலாமா?

ஹெப்பாள் கால்நடை

பக்கத்துப் பண்ணைகளில் ராணிக்கேட் இருந்தால் காத்திருக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டு வாரம் விட்டு, முதலில் இருபது கோழியின் ரத்தத்தை மறுபடி எடுங்கள். இந்த வாரம் சாகும் கோழியின் கல்லீரலை ஃபார்மலினில் போட்டு, சீரத்தோடு ஹெப்பாளுக்கு அனுப்பி வையுங்கள்.