கால் - புட் வித்தியாசத்தைப் பார்த்துக் கையில் இருந்த பங்கை விற்றவர்கள் உண்டா?

திருப்பூர்க்காரன்:
அப்பா என் டீமேட்டுக்கு மாற்றிக் கொடுத்த 500 பங்கு. விலை 1000. அந்த மாத எக்ஸ்பைரியில் 1000 ஸ்ட்ரைக் கால் 22, புட் 31. காலை வாங்கி புட்டை விற்றால் கைக்கு 9 ரூபாய் வருகிறது, பங்கே 991-க்குக் கிடைத்த மாதிரி. ஒரு மாத வட்டி 6 ரூபாய்க்குக் கால்தானே விலை கூட இருக்கணும்? தலைகீழாக இருக்கே, பங்குக்கு 15 ரூபாய் சும்மா கிடக்கிறது என்று 500-ஐயும் விற்று, காலை வாங்கி புட்டை விற்று ஒரு லாட் சிந்தெடிக் போட்டேன். பத்தாம் நாள் காலையில் அப்பா போன்: "இன்னிக்கு எக்ஸ்-டேட்டாம்ப்பா, 15 ரூபா டிவிடெண்ட். உனக்கு வந்துடும்ல?" ஒன்பதும் ஆறும் பதினைந்து. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன், பதில் வரவில்லை.

ஆப்ஷன் ரசிகன்:
எக்ஸ்-டேட்டுக்கு முந்தின நாள் கால் ஆப்ஷனை எக்சர்சைஸ் பண்ணியிருந்தா டிவிடெண்ட் உங்களுக்குத்தான். கால் - புட் பாரிட்டியெல்லாம் யூரோப்பியன் ஆப்ஷனுக்கு மட்டும்தான் சரியா வரும்.

கயல்:
ரசிகன், கடைசி வரி சரி, முதல் வரி தப்பு. என்.எஸ்.இ.யில் பங்கு ஆப்ஷன்களும் 2011-லிருந்து யூரோப்பியன்தான், எக்ஸ்பைரிக்கு முன் எக்சர்சைஸ் கிடையாது. திருப்பூர், உங்கள் கணக்கில் டிவிடெண்ட் மட்டும்தான் விட்டுப்போச்சு. 1000-த்தில் 15 போனால் 985. வட்டி 6 போனால் ஸ்ட்ரைக்கின் இன்றைய மதிப்பு 994. கழித்தால் மைனஸ் 9, சந்தை சரியாகத்தான் போட்டிருக்கு. ஃபியூச்சரைப் பார்த்திருந்தால் அதுவும் 991-இல் நின்றிருக்கும். டிவிடெண்ட் விலையில் 2 சதவீதத்தைத் தொட்டால் ஸ்ட்ரைக்கையே குறைப்பார்கள், உங்களுடையது ஒன்றரைதான்.

எனக்கு உறுத்துவது வேறு. டெலிவரி செட்டில்மெண்ட் வந்த புதிதில் இதே மாதிரி சிந்தெடிக் வைத்திருந்தேன். கடைசி வாரம் மார்ஜின் ஏறிக்கொண்டே போனது. வெளியேறலாம் என்றால் விற்ற புட் ஆழத்துக்குப் போய்விட்டது, பையருக்கும் செல்லருக்கும் நடுவே 4 ரூபாய் இடைவெளி. காகிதத்தில் பங்கும் சிந்தெடிக்கும் ஒன்று. அந்த வாரம் ஒன்றாக இல்லை.

நிஃப்டி பாண்டி:
எனக்கு நிஃப்டியில் தினமும் சிந்தெடிக்குக்கும் ஃபியூச்சருக்கும் 3 புள்ளி தெரியுது. அப்ப இது மட்டும் ஃப்ரீ மணிதானே?

கயல்:
கடைசியா டிரேட் ஆன விலையை வச்சுப் பார்க்கிறீங்களா? புட் 2 நிமிஷத்துக்கு முன்னாடி டிரேட் ஆனதா இருக்கும். கால் வாங்க ஆஃபர் விலை, புட் விற்க பிட் விலை, அதை வச்சுப் போடுங்க.

நிஃப்டி பாண்டி:
போட்டேன், ஒரு புள்ளி மிச்சம் இருக்கு.

கயல்:
மூணு லெக்குக்கும் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. கழிச்சீங்களா?

திருப்பூர்க்காரன்:
என் கதையின் மீதி. எக்ஸ்பைரியில் விலை 970. புட் அசைன் ஆகி 5 லட்சம் கட்டி அதே 500 பங்கைத் திரும்ப எடுத்தேன். விற்றபோது 500, எடுத்தபோது 500 எஸ்.டி.டி. நான் எண்ணிய 6 ரூபாய் வட்டியும் வரவில்லை. விற்ற பணம் மாதம் முழுக்க புரோக்கரிடம் மார்ஜினாகவே கிடந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.