பேரியம் சல்ஃபேட் எடை குறைவாகவே வருகிறது, காரணம் என்னவாக இருக்கும்?

0.3000 கிராம் தூய K₂SO₄ எடுத்து சல்ஃபேட்டை எடையறி முறையில் கணக்கிடுகிறேன். 0.4018 கிராம் BaSO₄ வர வேண்டும். மீண்டும் மீண்டும் 0.397 கிராமை ஒட்டியே நிற்கிறது. குறைவு ஏறக்குறைய 1 சதவீதம்.

செய்முறை வழக்கமானதுதான். சிறிது HCl சேர்த்த கரைசலைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்து, சூடான BaCl₂ கரைசலைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுகிறேன். பிறகு நீர்த்தொட்டியில் ஒரு மணி நேரம். வடிநீர் தெளிவாகவே இருக்கிறது, அதனால் நுண்துகள் தாளைத் தாண்டிப் போகவில்லை என நினைக்கிறேன்.

கழுவுவதிலும் இழப்பு பெரிதாக இருக்காது. சுமார் 200 மில்லி வெந்நீர். அதில் கரைவது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. சில்வர் நைட்ரேட்டில் கலங்கல் நின்றதும் நிறுத்திவிடுகிறேன்.

வடிதாள் எரியும்போது கார்பன் கொஞ்சம் BaS ஆக ஒடுக்கியிருக்குமோ என்றும் பார்த்தேன். ஆறிய எச்சத்தில் ஒரு துளி கந்தக அமிலம் விட்டு மறுபடி சூடாக்கியும் எடை ஏறவில்லை.

ஆக, மிஞ்சுவது பொட்டாசியம் உடன்வீழ்வு. பேரியம் சேரும் நேரத்தில் சல்ஃபேட்தான் மிகுதி. படிகத்துக்குள் K₂SO₄ சிக்கினால் எடை குறையும், கழுவினாலும் வெளியே வராது. ஆனால் இவ்வளவு குறைய சல்ஃபேட்டில் 4 சதவீதத்துக்கு மேல் அப்படிச் சிக்க வேண்டும். அது நடக்கக்கூடியதா? கரைசலை இன்னும் நீர்த்தால் போதுமா, இல்லை இரவு முழுக்கச் சூட்டில் வைப்பதா? சல்ஃபேட்டை பேரியத்தில் ஊற்றும் தலைகீழ் வரிசையை யாராவது செய்திருக்கிறீர்களா? அதில் குளோரைடு சிக்கி எடை கூடிவிடும் என்பதுதான் என் தயக்கம்.