076-இல் தொடங்கும் எண் யாழ்ப்பாணமா, சூரிச்சா, பாரிஸா?

சங்கச் செயலாளர்:
எங்கள் யாழ்ப்பாணப் பாடசாலையின் பழைய மாணவர் பட்டியலில் ஆயிரத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. இலங்கை, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, லண்டன், கனடா கிளைகள் தனித்தனியாக அனுப்பியதை ஒரே எக்செல் கோப்பில் ஒட்டியிருக்கிறோம். ஒருவர் 077 என்று எழுதியிருக்கிறார், இன்னொருவர் 0094, வேறொருவர் +41 (0)76. எல்லாவற்றையும் நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

விரைவுக்காரன்:
அரை மணி நேர வேலை அண்ணை. முதலில் இலக்கம் தவிர்ந்த எல்லாவற்றையும் அழியுங்கள், இடைவெளி, கோடு, அடைப்பு எல்லாம். 00 என்று தொடங்கினால் அதை + ஆக்குங்கள். ஒற்றைப் பூச்சியத்தில் தொடங்கினால் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 போடுங்கள். சங்கம் இலங்கையில்தானே பதிவு? குறியீடு போடாதவர் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார்.

தரவுத் தச்சன்:
00 விஷயம் சரி. மற்ற இரண்டும் பட்டியலைக் கெடுத்துவிடும்.

முதலில் அந்த அடைப்பு. +41 (0)76 என்று எழுதியவர், உள்நாட்டில் அழைத்தால் மட்டும் 0 போடச் சொல்கிறார். அடைப்பை மட்டும் அழித்தால் +41076 என்று வரும். அப்படி ஒரு சுவிஸ் எண்ணே இல்லை. அடைப்பும் உள்ளிருக்கும் பூச்சியமும் சேர்ந்து போக வேண்டும்.

அடுத்தது பெரிய சிக்கல். இலங்கைக் கைபேசி எண் பூச்சியத்தோடு பத்து இலக்கம். சுவிஸும் பத்து, பிரான்சும் பத்து. 076, 077, 078 மூன்று நாடுகளிலும் புழக்கத்தில் உள்ள தொடக்கங்கள். செயலாளருக்கு இந்த மூன்று நாடுகளிலும் கிளை இருக்கிறது. பைதானின் phonenumbers நூலகத்தோடு ஓடவிட்டுப் பாருங்கள் (மீதி இலக்கங்களைப் பூச்சியமாக்கியிருக்கிறேன்):

```python
import phonenumbers as pn
for r in ("LK", "CH", "FR"):
    n = pn.parse("0760000000", r)
    print(pn.is_valid_number(n),
          pn.format_number(n, pn.PhoneNumberFormat.E164))
# True +94760000000
# True +41760000000
# True +33760000000
```

மூன்றுக்கும் True. எண்ணின் அமைப்பு அந்த நாட்டுக்குப் பொருந்துகிறதா என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. அது யாருடைய எண் என்று அதற்குத் தெரியாது. ஆகவே குறியீடு இல்லாத எண்ணின் நாட்டை எண்ணுக்கு வெளியேதான் தேட வேண்டும். எந்தக் கிளையின் கோப்பிலிருந்து வந்தது என்பதுதான் முதல் சான்று. ஒட்டுவதற்கு முன் இருந்த கோப்புகள் கையில் இருந்தால் அங்கே திரும்பிப் போங்கள். ஒவ்வொரு வரிக்கும் கிளையின் பெயரைத் தனி நிரலில் போட்டுவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

விரைவுக்காரன்:
பழைய கோப்பு இல்லாவிட்டால்? அப்போதும் இடைவெளியை அழிக்கக்கூடாதா?

தரவுத் தச்சன்:
கூடாது, குறைந்தது மூலத்தில் கூடாது. அந்த இடைவெளி ஒரு சாட்சி. சுவிஸில் பழகியவர் 076 000 00 00 என்று எழுதுவார். பிரான்சில் இருப்பவர் இரண்டிரண்டாக 07 60 00 00 00 என்று பிரிப்பார். இலங்கையில் 076 000 0000 என்றோ ஒட்டியோ எழுதுவார்கள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். தீர்ப்புச் சொல்ல இது மட்டும் போதாது, ஆனால் கிளையின் பெயரோடு சேர்ந்து வந்தால் நல்ல பலம். வந்தபடியே ஒரு நிரல், திருத்தியது இன்னொரு நிரல். முதலாவதில் கை வைக்காதீர்கள்.

கொட்டடி மாமி:
தம்பி, இதெல்லாம் எதற்கு? வைபரில் பெயரைத் தட்டினால் ஆள் வந்துவிடுகிறாரே. என் மகன் நோர்வேயில் இருக்கிறான், நான் எண்ணைப் பார்ப்பதே இல்லை.

சங்கச் செயலாளர்:
மாமி, உங்கள் கைபேசியில் மகனின் எண் ஏற்கெனவே குறியீட்டோடு இருக்கிறது, அதனால்தான் வருகிறார். எங்களிடம் இருப்பது வெறும் எட்டு இலக்கம்.

தரவுத் தச்சன்:
அந்த எட்டிலும் ஒரு பொறி உண்டு. நோர்வே எண்ணுக்கு முன்னால் பூச்சியமே கிடையாது, சிங்கப்பூருக்கும் கிடையாது. இரண்டும் எட்டு இலக்கம், இரண்டிலும் 9-இல் தொடங்கும் கைபேசி எண்கள் உண்டு. சிங்கப்பூரில் யாரும் இல்லையென்றால் தப்பித்தீர்கள்.

வேலூர்க்காரன்:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வேறு மாதிரி நடந்தது. வேலூர்த் தரைவழி எண் 0416-இல் தொடங்கி ஏழு இலக்கம். எக்செல் முன் பூச்சியத்தைத் தின்றுவிட்டது. பத்து இலக்கம், 416-இல் தொடக்கம் என்று பார்த்தவர் அமெரிக்கா-கனடா எண் என்று +1 போட்டுவிட்டார். 416 டொராண்டோவின் பகுதிக் குறியீடும் கூட. பாதி வேலூர் கனடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆகவே முதல் குற்றவாளி எக்செல்தான் என்பேன்.

தரவுத் தச்சன்:
ஒப்புக்கொள்கிறேன், அதிலும் பூச்சியம் போவது சின்னச் சேதம். ஒன்பது இலக்கமாக 7-இல் தொடங்கினால் ஒரு 0 போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். மீட்க முடியாதது வேறு. பன்னிரண்டு இலக்கம் வந்தால் எக்செல் அதைச் சுருக்கிக் காட்டும். லண்டன் எண் 447700900123 (நாடகங்களுக்கென்றே ஒதுக்கியது, யாருக்கும் போகாது) 4.47701E+11 என்று தெரியும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பில் எழுதப்படுவது அந்தச் சுருக்கம்தான், மீதி இலக்கங்கள் போய்விட்டன. இலங்கை, சுவிஸ் எண்கள் குறியீட்டோடு பதினொரு இலக்கம் என்பதால் தப்பும். லண்டன் கிளையும் இந்திய எண்களும் மட்டும் அழியும்போது யாரும் உடனே கவனிப்பதில்லை. +44-7700-900123 என்று கட்டத்தில் தட்டிப் பாருங்கள், கழித்தல் கணக்குப் போட்டு -907779 என்று கொடுக்கும்!

பட்டியலில் E+11 என்று தேடுங்கள். ஒன்று கிடைத்தாலும் அந்தக் கிளையிடம் மறுபடி கேட்பதைத் தவிர வழியில்லை. இனி ஒட்டும்போது நிரலை முதலில் உரை வடிவாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

பேர்ன் வாசி:
நான் சுவிஸ் கிளையில் இருக்கிறேன். தச்சன் அண்ணை கிளையை முதல் சான்று என்கிறார், நான் நம்பமாட்டேன். எங்கள் கிளையில் பலர் ஊருக்குப் போய் வாங்கிய இலங்கை சிம்மில்தான் இன்னும் வாட்ஸ்அப் வைத்திருக்கிறார்கள். படிவத்தில் அதையே 077 என்று எழுதித் தருகிறார்கள். கிளை சுவிஸ் என்று +41 போட்டால் சங்கச் செய்தி யாரோ ஒரு சுவிஸ்காரருக்குப் போகும்.

விரைவுக்காரன்:
பார்த்தீர்களா! +94 என்று நான் சொன்னது அவ்வளவு தவறில்லை.

பேர்ன் வாசி:
இல்லை தம்பி, அதுவும் ஊகம்தான். எனக்கு ஊகமே வேண்டாம் என்கிறேன். குறியீடு இல்லாத எண்ணைக் காலியாக விடுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

தரவுத் தச்சன்:
அப்படிச் செய்தால் பட்டியலில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும், மின்னஞ்சலுக்குப் பாதிப்பேர் பதில் போடவும் மாட்டார்கள். நான் செய்வது இது. குறியீட்டோடு வந்தது "உறுதி". கிளையும் இடைவெளியும் ஒரே நாட்டைக் காட்டினால் "ஊகம்". இரண்டும் முரண்பட்டால் காலி. சுவிஸ் கிளையில் 076 000 0000 என்று மூன்று, மூன்று, நான்காக ஒன்று இருந்தால் அது நீங்கள் சொன்ன ஊர் சிம்மாக இருக்கலாம், அதை நான் தொடமாட்டேன். நிதி விவரம் போன்றவற்றை "உறுதி"க்கு மட்டும் அனுப்பலாம். கூட்ட அறிவித்தல் "ஊகத்துக்கும்" போகட்டும்.

பேர்ன் வாசி:
ஒட்டி எழுதியவர்கள்? எங்கள் கிளையில் பெரும்பாலோர் இடைவெளியே விடுவதில்லை. உங்கள் சாட்சி அங்கே வாய் திறக்காது. அறிவித்தலிலும் பெயர் இருக்கும், அது முன்பின் தெரியாதவருக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

சங்கச் செயலாளர்:
கிளைகளின் பழைய கோப்புகள் ஐந்து கிடைத்துவிட்டன, பிரான்ஸ் கோப்பை இன்னும் தேடுகிறோம். லண்டனில் E+11 நிறைய இருக்கிறது, அவர்களிடம் இன்றே கேட்கிறேன். ஊகத்துக்கு அறிவித்தல் அனுப்புவதா என்பதைச் செயற்குழுவில் வைக்கிறேன், அங்கேயும் இதே சண்டைதான் நடக்கும்.